அடிதடி வழக்கில் ராஜி: கொடைக்கானல் கோர்ட்டிலேயே முடிக்கலாமா, மதுரைக்குப் போக வேண்டுமா?

மேல்மலைக் கிராமங்களிலிருந்து அடிதடி வழக்கோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பிப்பார்கள்: "நாங்க ராஜி ஆயிட்டோம் சார், கேஸை வாபஸ் வாங்கணும்." போலீஸ் எஃப்.ஐ.ஆர் போட்ட வழக்கைப் புகார் கொடுத்தவர் வாபஸ் வாங்க முடியாது. அந்த வழக்கை நடத்துவது அரசு. புகார்தாரர் அதில் ஒரு சாட்சி, அவ்வளவுதான். ஆனால் அடிபட்டவரும் அடித்தவரும் சேர்ந்து, சில குறிப்பிட்ட குற்றங்களை மட்டும், கோர்ட் முன்னால் சமரசமாக முடித்துக்கொள்ளச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. முன்பு குற்ற நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யின் 320-வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ்.-ன் 359-வது பிரிவு. ஊரில் ராஜி என்கிறோம், கோர்ட்டில் காம்பவுண்ட் என்பார்கள்.

எந்தக் குற்றம் ராஜிக்கு உட்பட்டது என்பதற்கு 359-வது பிரிவிலேயே இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன. முதல் அட்டவணையில் இருப்பதைச் சம்பந்தப்பட்டவர்களே முடித்துக்கொள்ளலாம், கோர்ட் அனுமதி தேவையில்லை. இரண்டாவதில் இருப்பதற்கு வழக்கு நடக்கும் கோர்ட்டின் அனுமதி வேண்டும். இரண்டிலும் இல்லாத குற்றத்தை ராஜி செய்யவே முடியாது என்று அதே பிரிவின் கடைசி உட்பிரிவு நேரடியாகச் சொல்கிறது. எந்த வழியில் போவது என்பதை இந்த அட்டவணைதான் தீர்மானிக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் எவ்வளவு நன்றாகப் பேசி முடித்திருந்தாலும் இதில் மாற்றம் இல்லை.

ஒரு உதாரணத்தை வைத்தே பார்ப்போம். பூம்பாறையில் அண்ணன் தம்பி முறை உள்ள இரண்டு பேர், பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும். மேலும் கீழுமாகப் படிக்கட்டுக் காடு, இரண்டிலும் பூண்டு. மேலே இருக்கும் ஓடையிலிருந்து வரும் குழாய் தம்பி காட்டின் வழியாகத்தான் அண்ணன் காட்டுக்கு இறங்குகிறது. பூண்டு தண்ணீரில்லாமல் காய்ந்து நின்ற ஒரு வாரம் தம்பி குழாயைத் திருப்பிவிட, கேட்கப்போன அண்ணனுக்குத் தம்பியிடமும் கல்லூரியில் படிக்கும் தம்பி மகனிடமும் கையால் அடி. உதடு கிழிந்து இரண்டு தையல். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் காயத்தை எழுதினார்கள், அங்கிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போனது, அண்ணன் வாக்குமூலம் கொடுத்தார், எஃப்.ஐ.ஆர். புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-ல் 296(பி), 115(2), 351(2) என்று மூன்று பிரிவு. இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் பேசிச் சேர்த்துவைத்துவிட்டார்கள்.

பழைய வழக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்கள் ஐ.பி.சி. 294(பி), 323, 506(1) என்றால் புரியும். 1 ஜூலை 2024-க்கு முன்னால் நடந்த சம்பவம் என்றால் அந்தப் பழைய எண்களேதான் ஓடும். நம் ஊர் ஸ்டேஷன்களில் சாதாரண அடிதடிக்கு இந்த மூன்றும் சேர்ந்தேதான் வரும்.

இதில் 115(2), அதாவது கையால் அடித்துச் சாதாரண காயம், முதல் அட்டவணையில் இருக்கிறது, காயம்பட்டவர் ராஜி செய்யலாம். 351(2), மிரட்டல், அதுவும் முதல் அட்டவணை, மிரட்டப்பட்டவர் ராஜி செய்யலாம். 296(பி), அதாவது பொது இடத்தில் மற்றவர்களுக்கு எரிச்சல் உண்டாக்கும்படி ஆபாசமாகத் திட்டியது, இரண்டு அட்டவணையிலும் இல்லை! மூன்றிலும் தண்டனை குறைந்த குற்றம் இதுதான், அதிகபட்சம் 3 மாதம் அல்லது 1000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். ராஜி மனு போட்ட பிறகும் வழக்கு முடியாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அதனால் எதையும் முடிவு செய்வதற்கு முன்னால் குற்றப்பத்திரிகையின் நகலை வாங்கி, பிரிவு பிரிவாகப் படிக்க வேண்டும். எஃப்.ஐ.ஆரை வைத்து முடிவு செய்யக் கூடாது, ஏனென்றால் நடுவில் பிரிவு மாறும். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவோ பல் உடைந்ததோ தெரிந்தால், அல்லது 15 நாள் கடும் வலியோடு படுத்திருந்தார் என்றால் (பழைய சட்டத்தில் இது 20 நாள்), 115(2) போய் 117(2) வந்துவிடும், அது இரண்டாவது அட்டவணை, கோர்ட் அனுமதி வேண்டும். மண்வெட்டி, அரிவாள் என்று வாக்குமூலத்தில் வந்திருந்தால் 118(1), அது எந்த அட்டவணையிலும் இல்லை.

சரி, நம் உதாரணத்துக்கு இப்போது என்னென்ன வழி இருக்கிறது?

முதலில் நான் யாருக்கும் சொல்லாத, ஆனால் டீக்கடையில் எல்லோரும் சொல்லும் வழி: "சாட்சி சொல்லும்போது எனக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லிட்டா விடுதலைதானே." இதில் விடுதலை கிடைக்கலாம், உண்மைதான். ஆனால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்லும் பாரம் முழுக்க அடிபட்ட அண்ணன் மீது விழுகிறது, அது தனிக் குற்றம். சாட்சி விசாரணை வரும்வரை வாய்தா வாய்தாவாகத் தம்பியும் மகனும் மலையேறி இறங்க வேண்டும். இதற்காகப் பணம் கை மாறியிருந்தால் இன்னும் மோசம். குற்றவாளியைத் தப்பவிடுவதற்காகப் பணம் வாங்குவதும் கொடுப்பதும் பி.என்.எஸ். 250, 251-ன் கீழ் குற்றம், அதிலிருந்து விலக்கு இருப்பது சட்டப்படி ராஜி செய்யக்கூடிய குற்றங்களுக்கு மட்டும்தான். நேர்வழியில் மருத்துவச் செலவை வாங்கினால் பாதுகாப்பு, இந்த வழியில் அதே பணத்தை வாங்கினால் ஆபத்து. இந்த வித்தியாசத்தை யாரும் அந்த அண்ணனுக்கு எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இரண்டாவது வழி, கொடைக்கானல் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே கூட்டு மனு. செலவு குறைவு, அலைச்சல் குறைவு, பக்கத்தில் இருக்கிறது. 115(2)-க்கும் 351(2)-க்கும் மனு கொடுத்து, இரண்டு தரப்பும் கூண்டருகே நின்று, மாஜிஸ்திரேட் அண்ணனிடம் "உங்களை யாராவது கட்டாயப்படுத்தினார்களா, புரிந்துதான் கையெழுத்துப் போட்டீர்களா" என்று கேட்டுப் பதிவு செய்துகொண்டால், அந்த இரண்டு குற்றத்திலிருந்தும் விடுதலை. 359(8) சொல்வது அதுதான்: ராஜியின் விளைவு விடுதலை. சாட்சியம் போதாமல் கிடைத்த விடுதலை இல்லை, அதே குற்றத்துக்காக மறுபடி வழக்குப் போடவும் முடியாது.

பிறகு 296(பி) தனியாக நிற்கும். அதற்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மூன்று கதவு. ஒன்று, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடுவது. அன்றைக்கே வேலை முடியும், அதனால்தான் பலர் இதைச் செய்கிறார்கள். ஆனால் அது தண்டனை, கன்விக்‌ஷன். தம்பிக்கு ஐம்பது வயதாகிறது, காட்டு வேலைதான், அவருக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லாமல் போகலாம். கல்லூரியில் படிக்கும் பையன் நாளைக்கு போலீஸ் வேலைக்கோ வேறு அரசு வேலைக்கோ விண்ணப்பம் போடும்போது "எந்த வழக்கிலாவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா" என்ற கட்டத்தில் ஆம் என்று எழுத வேண்டிவரும். ஐநூறோ ஆயிரமோ அபராதம்தானே என்று பெற்றவர்களே பையனை ஒப்புக்கொள்ளச் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இரண்டாவது கதவு பலருக்குத் தெரியாதது. 296(பி), 115(2), 351(2) மூன்றுமே இரண்டு வருடத்துக்கு மேல் தண்டனை இல்லாத குற்றங்கள், அதாவது சம்மன் வழக்கு. போலீஸ் போட்ட சம்மன் வழக்கில், காரணத்தைப் பதிவு செய்துவிட்டு நடவடிக்கையை நிறுத்திவிட முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு பி.என்.எஸ்.எஸ். 281 அதிகாரம் கொடுக்கிறது (பழைய 258). முக்கிய சாட்சிகளை விசாரிக்கும் முன்பே நிறுத்தினால் விடுவிப்பு, விசாரித்த பின் நிறுத்தினால் விடுதலை. முக்கியக் குற்றங்கள் ராஜியாகிவிட்டன, சம்பவம் நடந்தது தனியார் காட்டில், பொது இடம் என்பதே சந்தேகம், இனி சாட்சி சொல்ல ஆளில்லை என்று எடுத்துச்சொல்லி மனு போடலாம். ஆனால் இது கோர்ட்டின் விருப்ப அதிகாரம், நம் உரிமை இல்லை. எல்லா மாஜிஸ்திரேட்டும் செய்வார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது, உதவி அரசு வழக்கறிஞர் எதிர்க்கவும் செய்யலாம். இதுவும் கிடைக்காவிட்டால் மூன்றாவது கதவு, அந்த ஒரு பிரிவுக்கு மட்டும் விசாரணையை நடத்தி முடிப்பது.

அடுத்த வழி, லோக் அதாலத். தேசிய லோக் அதாலத் வருடத்தில் நான்கு தடவை சனிக்கிழமைகளில் நடக்கும், அதற்கு முன்பே வழக்கைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்கலாம். கிரிமினல் பக்கம் இதில் கூடுதலாக எதுவும் கிடைக்காது. சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன் 19-வது பிரிவே, ராஜி செய்ய முடியாத குற்றத்தில் லோக் அதாலத்துக்கு அதிகாரம் இல்லை என்கிறது, ஆக 296(பி) இங்கேயும் நிற்கும். ஆனால் இந்த வழக்கில் லோக் அதாலத்தை நான் விடமாட்டேன், காரணம் வேறு: குழாய். சண்டைக்கு வேர் தண்ணீர். ராஜி மனுவில் "வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் விடுவேன்" என்று எழுதினால், நாளைக்கு விடாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அதை அமல்படுத்த வழியில்லை, விடுதலையையும் திரும்ப எடுக்க முடியாது. அதே ஏற்பாட்டை கொடைக்கானல் வட்ட சட்டப்பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்து லோக் அதாலத்தில் தீர்ப்பாக வாங்கினால், 21-வது பிரிவின்படி அது சிவில் கோர்ட் டிகிரிக்குச் சமம். மீறினால் நிறைவேற்று மனு போடலாம். மேல்முறையீடும் கிடையாது.

கடைசி வழி, ஹைகோர்ட். கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டம் என்பதால் நமக்கு மதுரைக் கிளை. (நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் வழக்கு என்றால் சென்னைக்கே போக வேண்டும், அங்கே இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கனமானது.) பி.என்.எஸ்.எஸ். 528, பழைய 482, அதன் கீழ் வழக்கையே ரத்து செய்யச் சொல்லி மனு. அட்டவணையில் இல்லாத குற்றமாக இருந்தாலும், தனிப்பட்ட தகராறாக இருந்து இரு தரப்பும் உண்மையாகவே சமரசம் ஆகியிருந்தால் ஹைகோர்ட் ரத்து செய்யலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2012-ல் கியான் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வில் உறுதி செய்தது. கொலை, பாலியல் வன்முறை, கொள்ளை மாதிரிக் கொடும் குற்றங்களுக்கு இது பொருந்தாது என்றும் சொன்னது. கவனிக்க வேண்டியது, இது ராஜி இல்லை, ஹைகோர்ட்டின் தனி அதிகாரம். மாஜிஸ்திரேட் இதைச் செய்ய முடியாது. கிடைத்தால் மூன்று பிரிவும் ஒரே உத்தரவில் முடியும், தம்பி மீதும் மகன் மீதும் எதுவும் மிச்சம் இருக்காது. வக்கீல் செலவு கூடும், அண்ணனும் பிரமாணப் பத்திரம் கொடுத்து, கோர்ட் சொன்னால் நேரில் போக வேண்டும்.

என் முடிவைக் கேட்டால்: இந்த வழக்கில் தம்பி மட்டும் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் கொடைக்கானலிலேயே கூட்டு மனுவும் 281 மனுவும் போட்டுப் பார்ப்பேன். மகன் இரண்டாவது எதிரியாக இருப்பதால் மதுரைக்குப் போவேன், ஒரே மனுவில் இருவருக்கும். மதுரைச் செலவு முடியாது என்கிற குடும்பமாக இருந்தால் கொடைக்கானல் மனுவை முதலில் போட்டு, 281 கிடைக்காவிட்டால் மிச்சமிருக்கும் 296(பி)-க்கு மட்டும் ஹைகோர்ட் போகலாம், அந்தப் பையனை மட்டும் எக்காரணம் கொண்டும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவிடக் கூடாது. குழாய் ஏற்பாடு, எந்த வழியில் போனாலும், லோக் அதாலத்தில்.

இன்னொரு விஷயம், கேஸ் கவுண்டர். அண்ணன் தரப்பு மீதும் ஒரு எஃப்.ஐ.ஆர் இருந்தால் இரண்டு வழக்குக்கும் ஒரே நாளில் மனு போட வேண்டும். ஒரு பக்கம் முடித்துக்கொண்டு மறுபக்கம் "அடுத்த வாய்தாவில் பார்க்கலாம்" என்று இழுத்ததால் மறுபடி பேச்சுவார்த்தை உடைந்த வழக்குகள் உண்டு.

இனி மனு. மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கான கூட்டு மனு நம் உதாரணத்துக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

கொடைக்கானல் நீதித்துறை நடுவர் நீதிமன்றம்
சி.சி. எண் ____ / ____ (____ காவல் நிலைய குற்ற எண் ____ / ____)
பி.என்.எஸ்.எஸ். பிரிவு 359(1)-ன் கீழ் தாக்கல் செய்யும் கூட்டு மனு

1. முதல் மனுதாரர் இவ்வழக்கில் அரசுத் தரப்பு முதல் சாட்சி. சம்பவத்தில் காயம்பட்டவரும் மிரட்டப்பட்டவரும் அவரே. வேறு எவரும் காயம்படவில்லை.

2. இரண்டாம், மூன்றாம் மனுதாரர்கள் முறையே முதல், இரண்டாம் எதிரிகள். அவர்கள் மீது பி.என்.எஸ். 296(பி), 115(2), 351(2) பிரிவுகளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டுள்ளது.

3. மனுதாரர்கள் நெருங்கிய உறவினர்கள். உறவினர்கள் முன்னிலையில் பேசி, ____ தேதியில் தங்களுக்குள் இருந்த மனவேறுபாட்டைத் தீர்த்துக்கொண்டுள்ளனர். முதல் மனுதாரரின் மருத்துவச் செலவுக்கான ரூ.____ ____ தேதியில் வங்கி மூலம் செலுத்தப்பட்டு, அவர் பெற்றுக்கொண்டார். இனி ஒருவருக்கொருவர் தர வேண்டிய தொகை எதுவும் இல்லை.

4. முதல் மனுதாரர் எவருடைய அச்சுறுத்தலோ வற்புறுத்தலோ இன்றி, இம்மனுவைப் படித்துக் கேட்டுப் புரிந்துகொண்டு, 115(2), 351(2) குற்றங்களை இரு எதிரிகளுடனும் சமரசமாக முடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறார்.

5. எனவே மேற்படி இரு குற்றங்களும் சமரசமானதைப் பதிவு செய்து, பிரிவு 359(8)-ன்படி இரு எதிரிகளையும் அக்குற்றங்களிலிருந்து விடுதலை செய்து உத்தரவிட வேண்டுகிறோம்.

தேதி, மூவரின் கையெழுத்து, இரு தரப்பு வழக்கறிஞர்களின் கையெழுத்து, அடையாள அட்டை நகல்கள்.

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது. முதல் பத்தியில் காயம்பட்டவர் யார் என்று சொல்வது ஏனென்றால், ராஜி செய்யும் உரிமை புகார் கொடுத்தவருக்கு இல்லை, அடிபட்டவருக்குத்தான். புகாரைக் கொடுத்தது அண்ணன் மனைவியாக இருந்திருந்தாலும் கையெழுத்து அண்ணனுடையதாக இருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கும் ஒரு அறை விழுந்திருந்தால் அவரும் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவருக்காக மற்றவர் போட முடியாது. காயம்பட்டவர் பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் அவர் சார்பில் பெரியவர் ராஜி செய்யலாம், அதற்குக் கோர்ட் அனுமதி வேண்டும். நான்காவது பத்தியில் "இரு எதிரிகளுடனும்" என்பதை விட்டுவிடாதீர்கள், யாருடன் ராஜியோ அவருக்கு மட்டும்தான் விடுதலை.

பணம் "கொடுத்தாயிற்று" என்றே இருக்க வேண்டும். "மூன்று தவணையில் தருவார்" என்று எழுதினால் விடுதலை முதலில் வந்துவிடும், பணம் வராமல் போனால் அண்ணனுக்கு வழியில்லை. பாக்கி இருந்தால் மனுவைத் தள்ளிப்போடுங்கள், இல்லையென்றால் அன்றைக்கே கோர்ட்டில் டி.டி.யாகக் கொடுக்கட்டும்.

மனுவில் வரக் கூடாதது இரண்டு. "அடித்தது தவறுதான், மன்னிப்புக் கேட்கிறோம்" என்று எதிரிகள் எழுதித் தரக் கூடாது, 296(பி) இன்னும் நிற்கிறது, எழுத்தில் கொடுத்த ஒப்புதல் அங்கே திரும்பி வரலாம். மன்னிப்பை வீட்டில் நேரில் கேட்கட்டும், அதற்குத்தான் மதிப்பும். அதே மாதிரி, "கோபத்தில் பொய்ப் புகார் கொடுத்துவிட்டேன்" என்று அண்ணன் எழுதவே கூடாது, பொய்த் தகவல் கொடுத்ததற்காக அவர் மீதே நடவடிக்கை வர இடமிருக்கிறது. ராஜிக்கு இரண்டுமே தேவையில்லை, நடந்தது உண்மையா பொய்யா என்று கோர்ட் இந்தக் கட்டத்தில் தீர்ப்புச் சொல்வதில்லை.

281 மனுவை இதோடு கலக்காமல் தனித் தாளில் கொடுங்கள். 359(1) தரப்பினரின் உரிமை, 281 கோர்ட்டின் விருப்பம், இரண்டையும் ஒரே மனுவில் கேட்டால் இரண்டாவதற்கு அரசு வழக்கறிஞரின் பதில் வரும்வரை முதலாவதும் சேர்ந்து தள்ளிப்போகும். 117(2) இருக்கிற வழக்கு என்றால் தலைப்பில் 359(2) வர வேண்டும், வேண்டுகோளில் "அனுமதி அளித்து" என்ற சொல் சேர வேண்டும், சமரசத்துக்கான காரணத்தையும் காயம் ஆறிவிட்டதையும் இன்னும் இரண்டு வரி விளக்கமாக எழுத வேண்டும், அனுமதி கொடுப்பதற்கு மாஜிஸ்திரேட்டுக்கு ஏதாவது கையில் இருக்க வேண்டுமல்லவா. ஹைகோர்ட் மனுவுக்கு இதே சங்கதிகள்தான், ஆனால் மூன்று பிரிவையும் சேர்த்து, எதிரிகள் மனுதாரர்களாகவும் அண்ணன் எதிர்மனுதாரராகவும் நின்று, சமரசக் குறிப்போடு அண்ணனின் பிரமாணப் பத்திரமும் வைக்க வேண்டும்.

உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகல் வாங்கி, ஒரு பிரதியை ஸ்டேஷனில் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். ஹைகோர்ட் உத்தரவு என்றால் ஒரு பிரதியைக் கொடைக்கானல் கோர்ட்டிலும் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அங்கே சி.சி. எண் உயிரோடு இருந்து, அடுத்த வாய்தாவுக்கு ஆஜராகவில்லை என்று தம்பி மகனுக்கு வாரண்ட் வரும்.